குற்றவியல் தேர்வுக்கு ஏழு நாள்: திருட்டு முதல் கூட்டுக்கொள்ளை வரை வரையறைகளை எப்படி மனதில் நிறுத்துவது?

மூன்றாம்பெஞ்ச் | 9 நவம்பர் 2025, இரவு 9.40

17ஆம் தேதி காலை குற்றவியல் தாள். புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பிஎன்எஸ். கையில் முழுதாக ஏழு நாள். உரை இல்லாத சட்ட மூலமான பேர் ஆக்டை இரண்டு முறை படித்தாயிற்று, மஞ்சள் கோடும் போட்டாயிற்று. ஆனால் புத்தகத்தை மூடினால் திருட்டு, மிரட்டிப் பறித்தல், கொள்ளை எல்லாம் ஒரே குழம்பாகிவிடுகிறது. வரையறை மறக்காமல் இருக்க என்ன முறை? நாளை எதிலிருந்து தொடங்குவது?

ஆலமரத்தடி | 9 நவம்பர், இரவு 10.05

செக்‌ஷன் நம்பரை முதலில் பிடி. நம்பர் வந்தால் வரையறை தானாக வரும். வீட்டு அறைகளை வரிசையாக மனதில் வைத்து, ஒவ்வொரு அறைக்கும் ஒரு நம்பர். வாசலில் 303 திருட்டு, கூடத்தில் 304 பறிப்பு, அடுக்களையில் 308 மிரட்டிப் பறித்தல், கொல்லையில் 309 கொள்ளை, கிணற்றடியில் 310 கூட்டுக்கொள்ளை. இரண்டே மணி நேரத்தில் நாற்பது நம்பர் ஏறிவிடும்.

வாய்தா | 9 நவம்பர், இரவு 11.20

அறை முறை நம்பருக்கு நல்லது, அதை மறுக்கவில்லை. ஆனால் நம்பர் வந்தால் வரையறை வராது. கேள்வித்தாளில் "309ஐ எழுதுக" என்று கேட்பதில்லை. ஒருவன் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான், துரத்தியவன் மேல் கல்லெறிந்தான், இது என்ன குற்றம் என்றுதான் கேட்பார்கள்.

மூன்றாம்பெஞ்சுக்கு: குழம்புவதற்குக் காரணம் இருக்கிறது. படிக்கும்போது பெயர்ச்சொற்கள் ஏறுகின்றன: சொத்து, சம்மதம், அச்சம், காயம். இவை எல்லாக் குற்றத்திலும் வருகிற சொற்கள். ஒரு குற்றத்தை இன்னொன்றிலிருந்து பிரிப்பது அவற்றைக் கட்டுகிற சிறு சொற்கள்: "எடுக்கும் பொருட்டு", "அந்த நோக்கத்துக்காக", "அப்போதே அங்கேயே", "உடனடி". மஞ்சள் கோடு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பெயர்ச்சொல் மேல் விழுந்திருக்கும்.

நாளை காலை ஒரு சோதனை. வெள்ளைத்தாளில், புத்தகம் இல்லாமல், இருபது வரையறைகளை எழுதுங்கள். ஒன்றுக்கு மூன்று நிமிடம், மொத்தம் ஒரு மணி நேரம். பிறகு பேர் ஆக்டைத் திறந்து சிவப்புப் பேனாவால் திருத்துங்கள். மூன்று கட்டாகப் பிரியும்: முழுதாக வந்தவை, கட்டும் சொல் விட்டுப்போனவை, ஒன்றுமே வராதவை. இரண்டாம் கட்டுதான் பெரிதாக இருக்கும். இந்த வார வேலையும் அதுதான்.

மூன்றாம்பெஞ்ச் | 10 நவம்பர், மதியம் 1.15

முழுதாக 5. கட்டும் சொல் விட்டது 11. வெறுந்தாள் 4. திருட்டு முழுதாக வந்தது என்று நினைத்தேன், வரவில்லை. "ஒருவர் வசமுள்ள அசையும் பொருளை அவர் சம்மதமின்றி நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்துச் செல்வது" என்று எழுதியிருக்கிறேன்.

ஆலமரத்தடி | 10 நவம்பர், மதியம் 1.40

அதில் என்ன தவறு? எடுத்துச் சென்றால்தானே திருட்டு. வீட்டுக்குள்ளேயே இருந்தால் முயற்சி.

தாள்திருத்தி | 10 நவம்பர், மாலை 6.30

அங்கேதான் மதிப்பெண் போகிறது. 303(1) "எடுத்துச் செல்கிறவர்" என்று சொல்லவில்லை. நேர்மையின்றி எடுக்க எண்ணி, *அப்படி எடுக்கும் பொருட்டு அந்தப் பொருளை நகர்த்துகிறவர்* என்கிறது. நகர்ந்த நொடியில் குற்றம் முடிந்துவிட்டது. அலமாரியில் இருந்த நகைப்பெட்டியைத் திருடும் எண்ணத்தோடு ஒரு சாண் இழுத்தவுடன் வீட்டுக்காரர் வந்துவிட்டால், அது முயற்சி இல்லை, முழுத் திருட்டு. முயற்சி எப்போது? சட்டைப்பைக்குள் கைவிட்டான், பை காலி. நகர்த்த ஒன்றுமில்லை. 62ஆம் பிரிவின் கீழ் சட்டமே தருகிற எடுத்துக்காட்டு அது.

வாய்தா | 10 நவம்பர், இரவு 8.10

திருட்டுக்கு ஐந்து உறுப்புகள். சுருக்கெழுத்துச் சூத்திரம் வேண்டாம். சட்டம் தன் எடுத்துக்காட்டுகளையே நமக்கு ஆணியாகத் தந்திருக்கிறது. ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு காட்சி:

எண்ணம்: கைக்கடிகாரம். பழுதுபார்க்கக் கொடுத்த தன் கடிகாரத்தை, கடைக்காரருக்குப் பாக்கி எதுவும் இல்லாத நிலையில், வெளிப்படையாக நுழைந்து பலவந்தமாக எடுத்துக்கொண்டால் வேறு குற்றம் வரலாம், திருட்டு வராது. நேர்மையற்ற எண்ணம் இல்லை. அதே கடிகாரத்துக்குக் கூலி பாக்கி இருந்து, அதற்காகக் கடைக்காரர் பிடித்துவைத்திருந்தால், சொந்தக் கடிகாரத்தை எடுத்தாலும் திருட்டு.

அசையும் பொருள்: மரம். நிலத்தில் நிற்கும்வரை திருட முடியாது. எடுத்துப்போகும் எண்ணத்தோடு வெட்டி, தரையிலிருந்து பிரிந்த நொடியில் திருட்டு.

வசம்: மோதிரம். பிறர் வீட்டு மேசை மேல் இருந்தால் திருட்டு. யார் வசமும் இல்லாமல் நடுரோட்டில் கிடந்தால் திருட்டு இல்லை, கையாடலாகலாம்.

சம்மதம்: நண்பர் வீட்டுப் புத்தகம். அவர் இல்லாதபோது படிக்க எடுத்துப்போனால், உள்ளார்ந்த சம்மதம் இருப்பதாக நினைத்து எடுத்தவர் திருடர் இல்லை.

நகர்வு: நாய். சட்டைப்பையில் தீனி வைத்து நாயைப் பின்தொடரச் செய்தால், நாய் நடக்கத் தொடங்கிய கணமே திருட்டு. கை படவே வேண்டாம்.

கடிகாரம், மரம், மோதிரம், புத்தகம், நாய். இந்த ஐந்தையும் ஒரே மேசையில் மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஆலமரத்தடி சொன்ன வாசலிலேயே அந்த மேசையைப் போடலாம், தவறில்லை.

அடுத்த படிதான் முக்கியம். ஒவ்வொன்றாக ஒரு பொருளை மேசையிலிருந்து எடுத்துவிட்டு, "இப்போது என்ன குற்றம்?" என்று கேளுங்கள். மோதிரத்தை எடுத்தால் கையாடல் பக்கம் போகிறது. சம்மதம் இருந்து, ஆனால் அது ஏமாற்றிப் பெற்ற சம்மதம் என்றால் 318, ஏமாற்றுதல். ஒப்படைத்த பொருளை ஒப்படைக்கப்பட்டவரே விழுங்கினால் 316, நம்பிக்கை மோசடி. இப்படிக் கழித்துப் பார்த்தால் ஒரு வரையறையிலிருந்து நான்கு வரையறை கிளைக்கும். தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பழையபாடத்திட்டம் | 10 நவம்பர், இரவு 9.55

எனக்கு அரியர். பழைய இந்திய தண்டனைச் சட்டமான ஐபிசி பாடத்திட்டம். 378, 383, 390, 391 என்று படித்தவன். இப்போது எல்லாரும் 303, 309 என்கிறீர்கள். நான் எதைப் படிக்க? இந்தக் கடிகாரம், நாய் எல்லாம் எனக்குச் செல்லுமா?

தாள்திருத்தி | 11 நவம்பர், காலை 7.05

செல்லும். அந்த எடுத்துக்காட்டுகள் ஐபிசி 378இல் இருந்தவை. திருட்டு, கொள்ளை வரையறைகளின் சொற்கட்டு ஏறக்குறைய அப்படியே புதிய சட்டத்துக்கு வந்திருக்கிறது. பாடத்திட்டம் ஐபிசி என்றால் ஐபிசி எண்ணையே எழுதுங்கள், எண்ணுக்கு முன்னால் சட்டத்தின் பெயரையும் எழுதுங்கள். இது சம்பிரதாயம் இல்லை. எண்கள் மோதுகின்றன. ஐபிசியில் 302 கொலைக்குத் தண்டனை. பிஎன்எஸ்ஸில் 302 மத உணர்வைப் புண்படுத்தும் சொற்கள் பற்றியது, கொலைக்குத் தண்டனை 103. ஐபிசி 307 கொலை முயற்சி. பிஎன்எஸ் 307 மரணம் விளைவிக்க ஆயத்தம் செய்துகொண்டு திருடுவது. பழைய எண்ணைப் புதிய தாளில் எழுதினால் வேறொரு குற்றத்தையே குறிப்பிட்டதாகிறது.

உங்களுக்கு மாறுகிற இடங்கள் சில: பறிப்பு என்ற தனிக் குற்றம், பிஎன்எஸ் 304, ஐபிசியில் கிடையாது. மிரட்டிப் பறித்தலுக்கு அதிகபட்சம் மூன்றாண்டாக இருந்தது புதியதில் ஏழாண்டு. கொடுங்காயத்தின் எட்டாம் கூறில் கடும் வலி நீடிக்கும் காலம் 20 நாள் என்பது 15 நாள் ஆகியிருக்கிறது. 2024 ஜூலை 1க்கு முன் நடந்த குற்றத்துக்கு இன்னும் ஐபிசிதான், ஆகவே நீங்கள் படித்தது வீண் இல்லை.

மூன்றாம்பெஞ்ச் | 11 நவம்பர், இரவு 10.30

மேசை முறை வேலை செய்கிறது. ஐந்தும் வருகிறது. இப்போது கொள்ளையில் சிக்கல். "பூட்டிய வீட்டில் நகை கொள்ளை" என்று செய்தியில் வருவது 309தானே?

வாய்தா | 11 நவம்பர், இரவு 11.15

இல்லை. இது தமிழில் படிக்கிறவர்களுக்கே உரிய பொறி. பத்திரிகைத் தமிழில் நிறையப் போனால் கொள்ளை, கொஞ்சம் போனால் திருட்டு. சட்டத்தில் அளவுக்கு இடமே இல்லை. பூட்டிய வீட்டில் ஆளே இல்லை, காயமோ தடையோ அச்சமோ யாருக்கும் ஏற்படவில்லை என்றால் நூறு பவுன் போனாலும் அது குடியிருப்பில் நடந்த திருட்டு, 305. கூடவே வீடு உடைத்த குற்றம். தெருவில் ஒருவரைத் தடுத்து நிறுத்திப் பத்து ரூபாய் பிடுங்கினால் அது கொள்ளை. "வழிப்பறி" என்ற சொல்லும் அப்படியே, பேச்சில் அது பறிப்பையும் குறிக்கும் கொள்ளையையும் குறிக்கும். விடைத்தாளில் அந்தச் சொல்லையே தவிர்த்துவிடுங்கள்.

கொள்ளை தனிக் குற்றம் இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கொள்ளையிலும் உள்ளே ஒரு திருட்டோ ஒரு மிரட்டிப் பறித்தலோ இருக்கும். ஆகவே எப்போதும் இரண்டு படி. முதலில் உள்ளே இருப்பது எது? பொருளை அவனே எடுத்தானா (திருட்டு), பயந்துபோய் இவர் கொடுத்தாரா (மிரட்டிப் பறித்தல்)? பிறகு அதை உயர்த்துகிற சொல் இருக்கிறதா?

திருட்டை உயர்த்துவது "அந்த நோக்கத்துக்காக". மிரட்டிப் பறித்தலை உயர்த்துவது மூன்று: மிரட்டுகிறவன் எதிரே இருக்க வேண்டும், அச்சம் உடனடியானதாக இருக்க வேண்டும், அப்போதே அங்கேயே கொடுக்கச் செய்ய வேண்டும்.

இதற்கும் சட்டத்திலேயே ஒரு இணை இருக்கிறது. குழந்தையோடு வருகிறவரை வழியில் மறித்து, குழந்தையைப் பிடித்து, பணப்பையைக் கொடுக்காவிட்டால் பள்ளத்தில் எறிவேன் என்கிறான். கொள்ளை. இன்னொருவன், "உன் குழந்தை எங்கள் கும்பலிடம் இருக்கிறது, பணம் அனுப்பாவிட்டால் கொன்றுவிடுவோம்" என்கிறான். மிரட்டிப் பறித்தல் மட்டும், குழந்தையின் உடனடி மரணம் பற்றிய அச்சம் ஊட்டப்பட்டிருந்தால் தவிர. இரண்டிலும் குழந்தை, இரண்டிலும் மரணம், இரண்டிலும் பணம். பிரிப்பது "உடனடி" மட்டுமே.

தாள்திருத்தி | 12 நவம்பர், மாலை 5.45

ஒரு பயிற்சி. நேரம் எட்டு நிமிடம். "க, ச-வின் கையிலிருந்த பையை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். ச துரத்துகிறார். பிடிபடப் போவதை அறிந்த க, பையைக் கீழே போட்டுவிட்டு, ச மீது கல்லெறிந்து காயப்படுத்தித் தப்புகிறான்." என்ன குற்றம்?

மூன்றாம்பெஞ்ச் | 12 நவம்பர், மாலை 6.20

ஐந்து உறுப்பும் இருக்கிறது, திருட்டு முடிந்துவிட்டது. திருடிய பொருளை எடுத்துச் செல்லும்போது காயம் ஏற்படுத்தினான். ஆகவே கொள்ளை, 309.

ஆலமரத்தடி | 12 நவம்பர், மாலை 6.25

சரியான விடை. திருட்டு + காயம் = கொள்ளை.

தாள்திருத்தி | 12 நவம்பர், இரவு 7.10

இருவரும் அந்தக் கூட்டல் குறியில் விழுந்தீர்கள். கல்லெறிந்தபோது பை கையில் இல்லை. காயம் பையைக் கொண்டுபோவதற்காக ஏற்படுத்தப்பட்டதா, தப்பிப்பதற்காகவா? தப்பிப்பதற்காக. "அந்த நோக்கத்துக்காக" என்ற சொல் நிறைவேறவில்லை. ஆகவே திருட்டு, கூடவே தனியாக வேண்டுமென்றே காயம் ஏற்படுத்திய குற்றம், 115. பையைக் கையில் வைத்துக்கொண்டே எறிந்திருந்தால் கொள்ளை.

விடை எழுதும் வரிசையும் இதுதான்: உள்ளே இருக்கும் திருட்டை ஐந்து உறுப்பில் நிறுவ வேண்டும், ஆனால் ஐந்தையும் சம அளவில் நீட்ட வேண்டாம். சர்ச்சை இல்லாத நான்கை இரண்டு வரியில் முடித்துவிட்டு, "அந்த நோக்கத்துக்காக" என்பதற்கு ஒரு முழுப் பத்தி கொடுங்கள். பலரும் சம்மதம், வசம் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, கேள்வி எதற்காகக் கேட்கப்பட்டதோ அந்த இடத்தை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

மூன்றாம்பெஞ்ச் | 12 நவம்பர், இரவு 9.00

அப்படியென்றால் அட்டையில் வரையறையை எழுதி முக்கியச் சொற்களை மறைத்துப் பயிற்சி செய்கிறேனே, அதில் நான் மறைத்தது "சொத்து", "காயம்" போன்றவற்றை. மாற்ற வேண்டுமா?

வாய்தா | 12 நவம்பர், இரவு 9.35

தலைகீழாக்குங்கள். பெயர்ச்சொல் தெரியட்டும், கட்டும் சொல் இருக்கும் இடம் வெற்றிடமாக இருக்கட்டும். "திருட்டு செய்வதற்____, செய்யும்____, பொருளை எடுத்துச் செல்லும்____, ____க்காக, வேண்டுமென்றே…" அட்டைக்கு ஒரு வரையறை, பின்புறம் சிவப்பில் விடை. இருபது அட்டை போதும்.

தமிழ்வழியில் எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால் "எண்ணி… சம்மதமின்றி… வசத்திலிருந்து… நகர்த்துகிறவர்" என்று எச்சங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிவிடும். நடுவில் ஒரு எச்சம் விழுந்தாலும் வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே ஒலிக்கும், விட்டது தெரியாது. அதனால் முதலில் வரையறையை முழு வாக்கியமாக எழுதாமல் உறுப்புக்கு ஒரு வரியாக எழுதிப் பழகுங்கள். எண்ணுவதற்கு எளிது. ஐந்து வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகு கோத்து எழுதலாம்.

பழையபாடத்திட்டம் | 13 நவம்பர், காலை 6.50

சட்டத்தின் சொல்லையே அப்படியே எழுத வேண்டுமா, சொந்த வாக்கியம் போதுமா? எங்களுக்கு ஒருவர் சொந்தமாக எழுது என்கிறார், இன்னொருவர் ஒரு சொல் மாறினாலும் கோடு போடுகிறார்.

தாள்திருத்தி | 13 நவம்பர், காலை 8.20

கட்டும் சொற்கள் அப்படியே, மற்றவை சொந்தமாக. நான் அப்படித்தான் திருத்துவேன்.

வாய்தா | 13 நவம்பர், காலை 8.45

எனக்கு உடன்பாடு இல்லை. "நேர்மையின்றி", "வேண்டுமென்றே" போன்றவை சட்டத்தில் தனிப்பொருள் உடையவை. "கெட்ட எண்ணத்தோடு" என்று எழுதினால் கட்டும் சொல் சரியாக இருந்தும் உறுப்பு போய்விடும். பழகு காலத்தில் முழுதும் சட்டச் சொல்லிலேயே பழகுவது பாதுகாப்பு.

தாள்திருத்தி | 13 நவம்பர், இரவு 9.10

சொல்லின் பொருள் தெரிந்தவர் எப்படி எழுதினாலும் தெரிந்துவிடும். இதில் நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை.

ஆலமரத்தடி | 13 நவம்பர், இரவு 9.30

கொலைக்கும் இதே மேசை முறையைப் போட்டுப் பார்த்தேன். குற்றமுறு மனிதக்கொலையான 100க்கு ஒரு மேசை, கொலையான 101க்கு ஒரு மேசை. இரண்டும் கலந்துவிடுகிறது.

வாய்தா | 13 நவம்பர், இரவு 10.40

கலக்கத்தான் செய்யும். திருட்டில் ஐந்தும் சேர்ந்து இருக்க வேண்டும். 100இலும் 101இலும் அப்படி இல்லை, ஏதாவது ஒரு கிளை போதும். "மற்றும்" வரையறைக்கு மேசை, "அல்லது" வரையறைக்கு இரண்டு நிரல். தாளை நடுவில் மடித்து இடப்பக்கம் 100, வலப்பக்கம் 101. எதிரெதிரே எழுதினால் வேறுபாடு கண்ணில் படும்: இடப்பக்கம் மரணம் விளைவிக்கக் *கூடிய* காயம், வலப்பக்கம் இயற்கையின் சாதாரணப் போக்கில் மரணம் விளைவிக்கப் *போதுமான* காயம். அந்த வலப்பக்க வரிக்கு 1958இன் விர்சா சிங் வழக்கு. உத்தேசிக்க வேண்டியது அந்தக் காயத்தை மட்டும். அது மரணத்துக்குப் போதுமானதா என்பது குற்றவாளியின் மனதைப் பார்த்து முடிவு செய்வது இல்லை, காயத்தைப் பார்த்து முடிவு செய்வது. இந்த இரண்டு நிரலுக்கு ஒரு முழு அரைநாள் ஒதுக்குங்கள், வேறெதையும் அதோடு சேர்க்க வேண்டாம்.

மூன்றாம்பெஞ்ச் | 14 நவம்பர், காலை 7.30

இதுவரை நடந்தது: 10 வெறுந்தாள் சோதனை, 11, 12 சொத்துக் குற்றம், 13 உடல் குற்றம். மீதி மூன்று நாளை எப்படிப் பிரிக்க? பொது எண்ணம், சட்டவிரோதக் கூட்டம் இன்னும் தொடவில்லை.

வாய்தா | 14 நவம்பர், காலை 9.00

இன்று காலை 3(5)உம் 190உம், எதிரெதிர் நிரலாக. மாலையில் சொத்து அட்டைகளை மறுபடி, ஏனென்றால் அவற்றைத் தொட்டு இரண்டு நாள் ஆகிறது, மறக்கத் தொடங்கும் நேரம் இதுதான். மறந்ததை இழுத்து எடுக்கும்போதுதான் ஆழமாகப் பதியும், தினமும் பார்த்தால் பழக்கமான உணர்வு மட்டுமே வரும். 15 காலை மூன்று மணி நேரம் முழுத் தாள், கடிகாரம் வைத்து. மாலை அதைத் திருத்துவது மட்டும். 16 காலை, திருத்தத்தில் சிவப்பு விழுந்த அட்டைகள் மட்டும். 16 மாலை புதிதாக ஒரு பிரிவையும் திறக்காதீர்கள். அன்று புதிதாகப் படிக்கும் கொள்ளை வகை ஒன்று ஏற்கனவே உட்கார்ந்திருக்கும் கொள்ளையைக் கலைக்கும்.

வெறுந்தாளாக இருந்த நான்கில் எவை இன்னும் வெறுந்தாள்?

மூன்றாம்பெஞ்ச் | 15 நவம்பர், இரவு 9.50

ஒன்றுதான். முழுத்தாள் எழுதினேன். கூட்டுக்கொள்ளையில் "ஐந்து பேர் கொள்ளையடித்தால்" என்று எழுதிவிட்டேன். முயற்சி செய்தாலும், உடனிருந்து உதவியவர்களைச் சேர்த்து எண்ணினாலும் ஐந்து போதும் என்பது விட்டுப்போனது. இன்னொரு சந்தேகம். கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுகிறான், கழுத்தில் கீறல். பறிப்பா, கொள்ளையா?

ஆலமரத்தடி | 15 நவம்பர், இரவு 10.10

பறிப்பு. அதற்காகத்தானே 304 வந்தது. திடீரென்றோ, விரைவாகவோ, பலவந்தமாகவோ பற்றுவது.

தாள்திருத்தி | 15 நவம்பர், இரவு 10.45

கீறல் வேண்டுமென்றே, எடுக்கும் நோக்கத்துக்காக ஏற்படுத்தப்பட்டது என்றால் 309. இழுக்கும்போது தற்செயலாக விழுந்தது என்றால் 304. சங்கிலியை இழுத்தால் கழுத்து கீறும் என்று தெரிந்தே இழுத்தவனுக்கு "வேண்டுமென்றே" பொருந்தும் என்று நான் நினைக்கிறேன்.

வாய்தா | 15 நவம்பர், இரவு 11.05

அப்படிப் போனால் 304க்கு மிஞ்சுவது மிகக் குறைவு. "பலவந்தமாக" என்று அந்தப் பிரிவே சொல்லும்போது, பறிப்போடு ஒட்டி வருகிற சிறு கீறலை எல்லாம் 309க்கு ஏற்றக் கூடாது என்று வாதிடலாம். தேர்வில் இரண்டு பக்கமும் எழுதி, கேள்வியில் உள்ள உண்மை எதைத் தாங்குகிறது என்று காட்டுங்கள். ஒரே எண்ணை மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள்.

மூன்றாம்பெஞ்ச் | 16 நவம்பர், மாலை 5.20

கடைசி முறை, பார்க்காமல், கொள்ளையின் முதல் பாதி:

திருட்டு செய்வதற்காக,
அல்லது செய்யும்போது,
அல்லது திருடிய பொருளை எடுத்துச் செல்லும்போது,
அந்த நோக்கத்துக்காக,
வேண்டுமென்றே,
ஒருவருக்கு மரணம், காயம், முறையற்ற தடை விளைவித்தால்,
அல்லது உடனடி மரணம், உடனடிக் காயம், உடனடித் தடை பற்றிய அச்சம் விளைவித்தால்.

தாள்திருத்தி | 16 நவம்பர், மாலை 6.00

"அந்த நோக்கத்துக்காக" வந்துவிட்டது, "உடனடி" மூன்று முறையும் வந்துவிட்டது. இரண்டு இடத்தில் முயற்சி விழுந்திருக்கிறது: எடுத்துச் செல்லும்போது *அல்லது எடுத்துச் செல்ல முயலும்போது*, விளைவித்தால் *அல்லது விளைவிக்க முயன்றால்*. பையைக் கையில் வைத்துக்கொண்டு எறிந்த கல் குறி தவறிப் போனாலும் கொள்ளைதான். அந்த இரண்டை மட்டும் சிவப்பில் எழுதி, அட்டையை மூடிவிடுங்கள்.